ப்ராஜெக்ட் தாமதம்: மேடத்துக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றிய ப்ராஜெக்ட்டை மார்ச் 14 வெள்ளிக்கிழமை கொடுத்திருக்க வேண்டும். 11ஆம் தேதி இரவு அப்பாவுக்கு மாரடைப்பு. 108-இல் மேலூருக்கும் அங்கிருந்து மதுரை அரசு மருத்துவமனைக்கும் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தம்பி பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். அதனால் நான்தான் கூடவே இருந்தேன். நேற்று, 17ஆம் தேதி, வீட்டுக்கு வந்துவிட்டோம். வழிகாட்டி மேடத்துக்கு இதுவரை எதுவும் சொல்லவில்லை. உண்மையில் 11ஆம் தேதியன்று ஐந்து இயலில் மூன்றுதான் முடித்திருந்தேன். அதையும் எழுத வேண்டுமா? அப்பா விஷயத்தை எவ்வளவு சொல்வது? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மரியாதைக் குறைவாக இருக்குமா?
– வாசகி, மேலூர்

பதில்:

அப்பா வீடு திரும்பியதில் எனக்கும் நிம்மதி. வரலாற்றுத் துறையில் பல ஆண்டுகள் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டியாக இருந்தவன் நான். இப்படிப்பட்ட கடிதங்கள் வந்து சேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், கடிதம் நாளைக்கு இருக்கட்டும். இன்று மாலைக்குள் மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சிறு செய்தி போக வேண்டும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறிக்கை கொடுக்காதவர்களின் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் பெயர் இருக்கும், பக்கத்தில் காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். நான்கு நாளாக ஒரு மாணவியிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால், அவள் ப்ராஜெக்ட்டையே விட்டுவிட்டாள் என்றுதான் ஆசிரியருக்குத் தோன்றும். செய்தி இவ்வளவு போதும்:

"வணக்கம் மேடம். நான் மூன்றாம் ஆண்டு வரலாறு, (பெயர்), பதிவு எண் (எண்). 11ஆம் தேதி இரவு அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மதுரை அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம். அதனால் 14ஆம் தேதி ப்ராஜெக்ட் கொடுக்க முடியவில்லை. முன்பே சொல்லாததற்கு மன்னியுங்கள். நாளை காலை கல்லூரிக்கு வந்து கடிதத்தோடு உங்களைப் பார்க்கிறேன்."

பெயரும் பதிவு எண்ணும் முதல் வரியிலேயே இருக்கட்டும். உங்கள் எண் அவர் போனில் பதிவாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குரல் பதிவாக அனுப்ப வேண்டாம், வகுப்பு நடக்கும்போது அதைக் கேட்க முடியாது. மருத்துவமனைக் கட்டிலில் அப்பா படுத்திருக்கும் படத்தையும் அனுப்ப வேண்டாம். பல பிள்ளைகள் ஆதாரம் என்று நினைத்து அதைச் செய்கிறார்கள். பார்க்கிறவருக்கு மனசு கனத்துப்போகிறது. அப்பாவுக்கும் அது சங்கடம். படத்தில் தேதி இல்லை என்பதால் ஆதாரமாகவும் அது நிற்காது.

இனி கடிதத்துக்கு வருவோம். பெரும்பாலான மாணவர்கள் இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்து எழுதுகிறார்கள். ஆசிரியரின் மனம் இளக வேண்டும் என்று வருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் மேடத்துக்கு உங்கள் மேல் இரக்கம் வருவது பெரிய விஷயமே இல்லை, அப்பாவுக்கு மாரடைப்பு என்ற ஒரு வரியிலேயே அது வந்துவிடும். அதற்குப் பிறகு அவர் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போக வேண்டும். "இவளுக்கு மட்டும் ஏன் கூடுதல் நாள்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். குறித்த நாளில் கொடுத்த மற்ற மாணவர்கள் கேட்டாலும் சொல்ல வேண்டும். கடைசியில் இந்தத் தாள் துறைக் கோப்பில் போய் உட்காரும். ஆகவே அவர் தூக்கிக்கொண்டு போகத் தோதான ஒரு தாளை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் என்ன நடந்தது, வேலை எந்த நிலையில் இருக்கிறது, எப்போது தருவீர்கள், சான்று என்ன. இந்த நான்கும் இருந்தால் அந்தத் தாளே அவருக்காகப் பேசும்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 14ஆம் தேதி என்பது பெரும்பாலும் துறை தானே வைத்துக்கொண்ட தேதியாக இருக்கும். அதை நகர்த்த மேடத்தாலும் துறைத் தலைவராலும் முடியும். அதற்குப் பின்னால் அவர்களால் நகர்த்தவே முடியாத தேதிகள் இருக்கின்றன. ஒன்று, அகமதிப்பெண்ணைப் பதிவேற்றும் கடைசி நாள். உங்களுடையது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போகும். இன்னொன்று, வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வரும் நாளில் வழிகாட்டியும் துறைத் தலைவரும் கையெழுத்திட்ட, பைண்டிங் செய்த அறிக்கை மேசையில் இருந்தாக வேண்டும். நாளை மேடத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "மார்க் ஏற்றும் கடைசி நாள் என்ன மேடம், வைவா எப்போது?" நீங்கள் கேட்கும் புதிய தேதி அந்த இரண்டுக்கும் முன்னால் நின்றால் அவருக்கு வேலை சுலபம். தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

அடுத்தது நீங்கள் தயங்கிக் கேட்ட கேள்வி, ஐந்தில் மூன்றுதான் முடிந்திருந்தது என்பதை எழுதுவதா என்று. எழுதுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. காரணத்தையும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் என்னிடம் இதே மாதிரி ஒரு கடிதம் கொண்டுவந்தார். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, அது உண்மைதான். ஆனால் கடிதத்தில், "அறிக்கை முழுவதும் முடிந்துவிட்டது, பிரிண்ட் எடுப்பது மட்டுமே பாக்கி" என்று எழுதியிருந்தார். நான் அதை நம்பித் துறைத் தலைவரிடம் வாதாடி மூன்று நாள் வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாளில் வரவில்லை. பத்தாம் நாள்தான் அறிக்கை வந்தது. பின்னிணைப்பில் நேர்காணல் கொடுத்தவர்களின் பட்டியல் இருந்தது, அதில் ஊரும் தேதியும் இருந்தன. நான்கு நேர்காணலின் தேதி, முடிந்துவிட்டது என்று அவர் கடிதம் கொடுத்த நாளுக்குப் பிறகு. பொய்யை நான் தேடிப் போகவில்லை, அவருடைய அறிக்கையே எடுத்துக் காட்டியது. அம்மாவின் அறுவை சிகிச்சை உண்மையாக இருந்தும், அதற்குப் பிறகு அந்தப் பையன் சொன்ன எதையும் துறைத் தலைவர் ஏற்கவில்லை. நான்கு நேர்காணலும் இரண்டு இயலும் பாக்கி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பத்து நாளே கேட்டு வாங்கியிருப்பேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் ப்ராஜெக்ட்டும் களப்பணி வகைதான். கண்மாய் என்றால் மடை, கலுங்கு, குடிமராமத்து, நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்த குடும்பங்கள் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுத்தான் எழுதியிருப்பீர்கள். தேதிகள் அதில் பதிவாகும். மேடமும் இடையில் உங்கள் வரைவைப் பார்த்திருப்பார். எவ்வளவு முடிந்திருந்தது என்பது ஓரளவு அவருக்கே தெரியும்.

உண்மையைச் சொல்வதால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. 11ஆம் தேதி மூன்று இயல் முடிந்திருந்தது. 14 வரை மூன்று நாள் இருந்தது. மீதியை அதற்குள் முடித்திருப்பீர்களா என்பது வேறு கேள்வி, அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. "எப்படியும் முடித்திருப்பேன்" என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம், "எப்படியும் தாமதம்தான் ஆகியிருக்கும்" என்று உங்களை நீங்களே குறைத்துக்கொள்ளவும் வேண்டாம். அன்று இருந்த நிலையை அப்படியே வைத்தால் போதும். முடிந்த மூன்று இயல்களைக் கடிதத்தோடு கையில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை. என் அனுபவத்தில் ஆசிரியரின் முகம் மாறுவது அந்தத் தாள்களைப் பார்க்கும்போதுதான். அவர் உடனே திருத்தத் தொடங்கலாம், உங்களுக்கும் நாள் மிச்சமாகும்.

இப்போது கடிதம். இதை அப்படியே எழுத வேண்டும் என்றில்லை, உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(பெயர்), பதிவு எண் (எண்)
இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

பெறுநர்
(ஆசிரியர் பெயர்), உதவிப் பேராசிரியர்
வரலாற்றுத் துறை, (கல்லூரி)

பொருள்: ப்ராஜெக்ட் அறிக்கையை 26.03.2025 அன்று சமர்ப்பிக்க அனுமதி கேட்டல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தங்கள் வழிகாட்டுதலில் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி நான் செய்துவரும் ப்ராஜெக்ட் அறிக்கையை, குறித்த நாளான 14.03.2025 அன்று என்னால் சமர்ப்பிக்க முடியவில்லை. 11.03.2025 இரவு என் தந்தைக்கு மாரடைப்பு ஏற்பட்டு, 17.03.2025 வரை மதுரை அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார். உடனிருந்து கவனிக்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அந்த நாள்கள் முழுவதும் நான் மருத்துவமனையில் இருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைத்துள்ளேன்.

11ஆம் தேதி வரை முதல் மூன்று இயல்களை எழுதி முடித்திருந்தேன். அவற்றை இத்துடன் தருகிறேன். நான்காம் இயலும், அதற்குத் தேவையான இரண்டு நேர்காணல்களும், ஐந்தாம் இயலும் பாக்கி உள்ளன. இவற்றை முடித்து 26.03.2025 புதன்கிழமை முழு அறிக்கையையும் தருகிறேன். மதிப்பெண் பதிவுக்கு அதற்கு முன்பே அறிக்கை தேவைப்பட்டால், அந்த நாளைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் இருந்தபோதே தங்களுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு, மன்னிக்க வேண்டுகிறேன். 26ஆம் தேதி வரை அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
(கையெழுத்து)

இடம்: மேலூர்
நாள்: 19.03.2025
இணைப்பு: டிஸ்சார்ஜ் சம்மரி நகல், இயல் 1 முதல் 3 வரை

இதில் சில இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற தொடரை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். நம் ஊரில் அத்தை மகள் கல்யாணத்துக்கும் அதைத்தான் எழுதுகிறோம், சாவுக்கும் அதைத்தான் எழுதுகிறோம். படிக்கிறவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது, திருப்பிக் கேட்கவும் கூச்சமாக இருக்கும். மாரடைப்பு என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை அடைப்பு இருந்தது, காப்பீட்டுத் திட்டத்துக்காக வருமானச் சான்று வாங்க எப்படி அலைந்தீர்கள், அம்மா எப்படி அழுதார் என்பதெல்லாம் மேடம் கேட்டால் நேரில் சொல்லலாம். கடிதத்தை அவர் ஒருவர் மட்டும் படிப்பதில்லை. துறைத் தலைவர், அலுவலகம், கோப்பை எடுத்துச் செல்பவர் என்று பல கைக்குப் போகும். உங்கள் வீட்டு விஷயம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கு இது பொருந்தாது, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம். வீட்டில் நடந்தது வெளியில் சொல்ல முடியாத விஷயமாக இருந்தால், ஒருவர் தன்னையே காயப்படுத்திக்கொண்டார் அல்லது வீட்டில் அடிதடி, போலீஸ் என்று ஆகிவிட்டது என்றால், அதைத் தாளில் எழுதவே வேண்டாம். "குடும்பத்தில் ஒரு அவசர நிலை, விவரத்தைத் தங்களிடம் நேரில் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டு, நம்பிக்கையான ஆசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும். தேதிகளையும் வேலையின் நிலையையும் மட்டும் அப்போதும் விடாமல் எழுத வேண்டும்.

மன்னிப்பு ஒரே இடத்தில்தான் வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. தகவல் சொல்லாமல் இருந்தது மட்டும்தான் உங்கள் பக்கத் தவறு, அதற்கு மட்டும் கேட்டால் அந்த வார்த்தைக்குக் கனம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பழகிய "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்பதை எழுதினாலும் தவறில்லை. எனக்கு "தங்கள் மாணவி" போதும் என்று படுகிறது. "எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன்" என்று சிலர் எழுதுவார்கள். அது வேண்டாம், படிக்கிறவரைச் சங்கடத்தில் தள்ளும்.

26ஆம் தேதி என்று நான் போட்டதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு நேர்காணலுக்கு ஒரு நாள், இரண்டு இயல் எழுத மூன்று நாள், டைப்பிங்கும் பிழைதிருத்தமும் ஒரு நாள், பைண்டிங் ஒரு நாள். ஆறு நாள் ஆயிற்று. மாரடைப்புக்குப் பிறகு வீடு திரும்பியவரைச் சீக்கிரமே மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள், அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே அந்தத் தேதி இருக்கும், அதைப் பார்த்துவிட்டு என் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். "இரண்டே நாளில் தருகிறேன்" என்று ஆசைப்பட்டு எழுதிவிட்டு இன்னொரு முறை தவணை கேட்பதுதான் பெரிய சிக்கல். முதல் முறை தந்தவர் இரண்டாம் முறை யோசிப்பார். டைப்பிங் சென்டரில் கொடுக்கும்போது யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கணினியில் குப்பை எழுத்தாகத் திறந்து, கடைசி நாளில் பிள்ளைகள் கையைப் பிசைந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், சேர்த்த தேதி, அனுப்பிய தேதி உள்ள பக்கத்தின் நகல் மட்டும் போதும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், மறுபரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

யாராவது உங்களிடம், "உனக்கே காய்ச்சல் என்று ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடு, வேலை முடிந்தது" என்று சொல்லக்கூடும். நல்லது நினைத்துத்தான் சொல்வார்கள். செய்யாதீர்கள். நிஜமான காரணமும் சான்றும் கையில் இருக்கும்போது பொய்ச் சான்று உங்களைத்தான் சிக்கலில் மாட்டும். வருகைப்பதிவு தனி விஷயம். 12 முதல் 18 வரை வராத நாள்களுக்கு வகுப்பு ஆசிரியரிடம் தனியாக விடுப்புக் கடிதம் கொடுங்கள், அதே நகலை இணையுங்கள். மொத்த வருகை எவ்வளவு சதவீதம் வருகிறது என்பதையும் அப்போதே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் ஒன்று நடந்து இன்னொன்று விட்டுப்போகும்.

நாளை கல்லூரிக்கு நீங்களே போங்கள். வகுப்புத் தோழியிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். மேடம் வகுப்பில் இருந்தால் துறையில் காத்திருந்து கையில் கொடுங்கள். கொடுக்கும் முன் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சரி என்று வாயால் சொன்னால், அன்று மாலையே, "26ஆம் தேதி வரை அனுமதி தந்ததற்கு நன்றி மேடம்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பிற்பாடு தேதி பற்றிக் குழப்பம் வந்தால் அது இருவருக்கும் உதவும். தாமதத்துக்காகச் சில மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னால் அங்கே வாதாட வேண்டாம். துறையில் எல்லாருக்கும் அதே விதிதானா என்று ஒருமுறை பணிவாகக் கேட்கலாம். ஆமாம் என்றால் விட்டுவிட்டு நான்காம் இயலுக்குப் போங்கள்.

இன்னும் ஒன்று. அறிக்கை தயாரானதும் முகப்பிலும், வழிகாட்டி கையெழுத்திடும் சான்றிதழ்ப் பக்கத்திலும் மார்ச் 14 என்று பழைய தேதியைப் போட்டுவிடாதீர்கள். டைப்பிங் சென்டரில் வேறு யாருடைய மாதிரியையாவது எடுத்து அடிக்கும்போது அது தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். கொடுக்கும் நாளின் தேதியே இருக்கட்டும். கோப்பில் உங்கள் கடிதமும் அலமாரியில் உங்கள் அறிக்கையும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும்.